சலூன், பார்லருக்குப் பெயர் வைப்பது எப்படி: தாத்தாவும் பேரனும் தயங்காமல் உள்ளே வர ஒரு முழு வழிகாட்டி

கடைகளுக்கு போர்டு வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். சலூன், பார்லர் வைக்கிறவர்கள் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான் என்னிடம் வருவார்கள். லோகோ தயாராக இருக்கும், விசிட்டிங் கார்டுகூட அச்சாகியிருக்கும். "இதைத் தமிழில் எழுதி போர்டு போட்டுக் கொடுங்க" என்பார்கள். அந்த ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டியதும் முகம் மாறும். பெயரில் வரும் பாதிச் சிக்கல் பெயரால் வருவதில்லை, வேலைகளைச் செய்யும் வரிசை தலைகீழாகப் போவதால் வருகிறது.

நெடுக ஓர் உதாரணத்தை வைத்தே சொல்கிறேன். கும்பகோணத்தில் ஒரு தம்பி, சென்னையில் பெரிய சலூன் ஒன்றில் வேலை பழகிவிட்டு, அப்பாவின் முடிதிருத்தும் கடையைப் புதுப்பிக்க ஊருக்குத் திரும்பியவர். அப்பாவின் கடைக்குச் சாமி பெயர். மகன் வைக்க நினைத்த பெயர் 'ஃபேட் ரிபப்ளிக்'. பெண்கள் பார்லருக்கும் முறை இதேதான். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

## தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

கடை முகப்பின் அகலம், போர்டு வைக்கக் கிடைக்கும் உயரம், எதிரே உள்ள சாலையில் எவ்வளவு தூரத்திலிருந்து கடை கண்ணில் படும் என்ற மூன்று அளவுகள் வேண்டும். அடுத்து, உங்கள் சுற்றுவட்டாரத்தில் உள்ள எல்லா சலூன், பார்லர் பெயர்களின் பட்டியல். வண்டியில் ஒரு சுற்று சுற்றி போர்டுகளைப் போட்டோ எடுத்தால் போதும். அப்புறம், பெயரைச் சொல்லிப் பார்க்க மூன்று பேர்: அறுபதைத் தாண்டிய ஒருவர், பத்து வயதுப் பிள்ளை ஒன்று, அந்தப் பிள்ளையின் அம்மா. நண்பர்கள் வேண்டாம். அவர்களுக்கு உங்கள் மனதில் இருப்பது முன்பே தெரியும்.

லோகோ போடுகிறவரிடம் இப்போது போகாதீர்கள். ஒரு பெயரை அழகான வடிவத்தில் பார்த்துவிட்டால் அதை விட மனசு வராது.

## 1. நாற்காலியில் யார் உட்காருவார்கள் என்று எழுதுங்கள்

"எல்லா வயதினரும்" என்று எழுதினால் அது எதற்கும் உதவாது. யார் எந்த நேரத்தில், எந்த வேலைக்கு வருவார்கள் என்று எழுதுங்கள்.

கும்பகோணத்துத் தம்பியின் தாளில் இப்படி இருந்தது: காலை ஏழு முதல் ஒன்பது வரை ஷேவிங்குக்கு வரும் பெரியவர்கள், அப்பாவின் வாடிக்கையாளர்கள். சாயங்காலம் ஃபேட் கட்டுக்கும் தாடி டிரிம்முக்கும் கல்லூரிப் பையன்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அப்பாக்கள், சில வீடுகளில் அம்மாக்கள்.

இந்தத் தாளைப் பார்த்ததும் ஒன்று விளங்கும். காசு கூடுதலாகக் கொடுப்பவர் கல்லூரிப் பையனாக இருக்கலாம். ஆனால் வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறவர் பெரியவர். சின்னப் பையனுக்கு எந்தக் கடை என்று முடிவு செய்வது அவன் அம்மா. பெயர் கல்லூரிப் பையனிடம் மட்டும் பேசினால் மற்ற இருவரும் வெளியே நிற்பார்கள்.

பெண்கள் பார்லரில் இது இன்னும் கூர்மை. 'பிரைடல்' என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்துவிட்டால், மாதாமாதம் த்ரெட்டிங்குக்கும் முடிக்கு டை அடிக்கவும் வரக்கூடிய ஐம்பது வயது அம்மா "அது கல்யாணப் பொண்ணுங்க போற இடம், ரேட் அதிகமா இருக்கும்" என்று தாண்டிப் போய்விடுவார். மணப்பெண் அலங்காரம் பெரிய வரும்படிதான். அதைக் கண்ணாடிக் கதவிலும் ரேட் கார்டிலும் எழுதுங்கள்.

## 2. பெயருக்கு முன்னால் அடுத்த வரியை முடிவு செய்யுங்கள்

போர்டில் எப்போதும் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று பெயர். இன்னொன்று, இது என்ன கடை, யாருக்கான கடை என்று சொல்லும் தொழில் வரி. 'ஆண்கள் சலூன்', 'பெண்கள் அழகு நிலையம்', 'பியூட்டி பார்லர்' எல்லாம் தொழில் வரிகள்.

எல்லா வயதினரையும் வரவேற்கும் வேலையைச் செய்வது பெரும்பாலும் இந்த வரிதான். அது தெளிவாக இருந்துவிட்டால் பெயருக்குக் கொஞ்சம் சுதந்திரம் கிடைக்கும். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெயரிலேயே தொழிலையும் நவீனத்தையும் தரத்தையும் திணித்து, 'தி ராயல் ஜென்டில்மேன்ஸ் க்ரூமிங் லவுஞ்ச்' என்று கொண்டுவருகிறார்கள்.

தொழில் வரிக்குப் பெரியவர்களும் வீட்டில் சொல்லும் சொல்லையே எடுங்கள். எழுபது வயதுக்காரர்கூட 'சலூன்' என்றுதான் சொல்கிறார், இருபது வயதுப் பையனும் அதையேதான் சொல்கிறான். 'பார்லர்' என்பதும் அப்படித்தான். 'முடிதிருத்தகம்' நல்ல சொல், போர்டில் கம்பீரமாகவும் நிற்கும். ஆனால் பையன்கள் பழைய மரநாற்காலிக் கடையை மனதில் நினைத்துக்கொள்கிறார்கள். 'க்ரூமிங் ஸ்டூடியோ' என்றால் பெரியவர் போட்டோ ஸ்டூடியோ என்றே நினைப்பார்.

இரண்டு சொற்களில் கவனம் வேண்டும். ஒன்று 'யூனிசெக்ஸ்'. பெரிய நகரத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். சிறிய ஊரில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறவர்கள் நிறைய. 'ஃபேமிலி சலூன்' அதே வேலையைச் சங்கடம் இல்லாமல் செய்யும். ஆனால் பெண்களுக்குத் தனி அறை இருந்தால் மட்டும் அப்படிப் போடுங்கள். ஒரே கூடத்தில் ஆண்கள் ஷேவிங்குக்கு உட்கார்ந்திருக்கிற கடைக்கு அந்த வரி பொய். முதல் நாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் பெண்மணி, தெருவில் நாலு பேரிடம் சொல்வார்.

இன்னொன்று 'ஸ்பா'. நீங்கள் ஹேர் ஸ்பா மட்டுமே செய்தாலும், போர்டில் தனியாக அந்தச் சொல் நின்றால் மசாஜ் கடை என்றே படிப்பார்கள். அதற்கு உரிமம் இருக்கிறதா என்ற கேள்வியும் சேர்ந்து வரும். ரேட் கார்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு முடிவான தொழில் வரி: 'ஆண்கள் சலூன்'. அவ்வளவுதான்.

## 3. பெயரைத் தேடும் இடம்

இப்போது பெயருக்கு வரலாம். குறைந்தது பதினைந்து பெயர்களாவது எழுதுங்கள், ஏனென்றால் அடுத்து வரும் சோதனைகளில் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். ஒரே பெயரோடு வருகிறவர் ஒவ்வொரு சோதனையிலும் அந்தப் பெயருக்காக வாதாடுவார்.

நவீனமாக ஒலிக்க வேண்டும் என்றதும் எல்லோரும் ஆங்கிலச் சொல் தேடுகிறார்கள். நீங்கள் எடுத்த போர்டுப் போட்டோக்களைப் பாருங்கள். 'ஸ்டைல்', 'லுக்ஸ்', 'ட்ரெண்ட்ஸ்', 'கிளாமர்', 'நியூ' ஆகியவை இல்லாத தெரு இருக்காது. எல்லோரும் போட்ட சட்டை புதுச்சட்டையாகத் தெரியாது. ஒரு சொல் புதிதாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம், அது குறுகியதாக, அந்தத் தெருவில் வேறு யாரும் வைக்காததாக, சுத்தமான எழுத்துருவில் இருப்பதுதான். அப்படிப் பார்த்தால் எல்லோருக்கும் தெரிந்த ஒரு தமிழ்ச் சொல்லே போதும்.

சொல்லைத் தொழிலுக்குப் பக்கத்திலேயே தேடலாம்: கண்ணாடி, சீப்பு, கிராப்பு, மீசை, வகிடு, சுருள், மருதாணி, மஞ்சள், கொண்டை. பெண்கள் பார்லருக்கு உரிமையாளரின் பெயரே நல்ல தேர்வு. எப்படியும் "ரேவதி அக்கா பார்லர்" என்றுதான் தெரு கூப்பிடப் போகிறது. ஒரே ஒரு குறை, பின்னால் கடையை விற்க நினைத்தால் பெயரோடு சேர்த்து விற்பது கஷ்டம்.

தவிர்க்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நடிகர் பெயர், படப் பெயர் ரெண்டு வருஷத்தில் பழசாகும், எதிர் ரசிகரும் வரமாட்டார். 'கேர்ள்ஸ்', 'பாய்ஸ்', 'டீன்' என்று வயதை நேரடியாகச் சொல்லும் சொற்கள் வேண்டாம். வருஷத்தைப் பெயரில் சேர்க்க வேண்டாம். ஃபேட் போன்ற ஒரு குறிப்பிட்ட கட்டிங்கின் பெயரும் வேண்டாம், அந்த மோஸ்தர் போனதும் கடைக்கு வயதாகிவிடும்.

'மீசை' பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பட்டியலில் எல்லோருக்கும் பிடிக்கும் பெயர் அது. ஆனால் தென் மாவட்டங்களில் சில ஊர்களில் மீசையும் அரிவாளும் சாதிப் பெருமையின் போஸ்டர்களில் சேர்ந்தே வரும். உங்கள் ஊரில் அந்தச் சாயல் உண்டா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

## 4. போனில் சொல்லிப் பாருங்கள்

பதினைந்தையும் வாய்ச் சோதனைக்கு விடுங்கள். கடைக்குப் பெயர் எழுத்தாகப் பரவுவதைவிட வாயால் பரவுவதே அதிகம். "எங்க வெட்டின?" என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் சொல்கிற பதில்தான் உங்கள் விளம்பரம்.

முறை எளிது. நீங்கள் தேர்ந்த மூன்று பேருக்கும் போன் செய்யுங்கள். நேரில் வேண்டாம், வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். பெயரை ஒரே ஒரு தடவை, சாதாரண வேகத்தில் சொல்லுங்கள். திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் எழுதச் சொல்லுங்கள். மறுநாள் மறுபடி கூப்பிட்டு, "நேத்து ஒரு கடைப் பேர் சொன்னேனே, என்ன அது?" என்று கேளுங்கள்.

மூன்று பேரும் ஒரே மாதிரி திருப்பிச் சொன்னால் தேறியது. ஒருவர் "என்ன?" என்று மறுபடி கேட்டாலே அடையாளம் போட்டு வையுங்கள். மறுநாள் பாதி மட்டும் நினைவிருந்தால், அந்தப் பாதியே போதுமான பெயரா என்று பாருங்கள். நீளமான பெயரை மக்கள் எப்படியும் வெட்டித்தான் சொல்வார்கள்.

'ஃபேட் ரிபப்ளிக்' இந்தச் சோதனையில் விழுந்தது. அப்பாவின் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் போனில் கேட்டுவிட்டு, "பேட்டு விக்கிற கடையா தம்பி? கிரிக்கெட்டா?" என்றார். பையனின் அம்மா "ஃபேட்னா குண்டுதானே?" என்றார். ஒரு பெயரை விளக்க வேண்டி வந்தால், அந்த விளக்கத்தை உங்கள் வாடிக்கையாளர் யாருக்கும் சொல்லப் போவதில்லை, வேறு கடைப் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

## 5. இரண்டு எழுத்திலும் எழுதிப் பாருங்கள்

அதிகம் பேர் விழும் குழி இது. ஒரு பெயர் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் பிழைக்க வேண்டும். போர்டு, தெருப்பேச்சு தமிழில். கூகுள் மேப், இன்ஸ்டாகிராம், வங்கிக் கணக்கு எல்லாம் ஆங்கில எழுத்தில்.

முதலில் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு. நம் எழுத்தில் ஒரே 'ப'தான், ஒரே 'க'தான், ஒரே 'ட'தான். எந்த ஒலி என்பதைப் படிப்பவர் ஊகிக்க வேண்டும். Bliss என்பதை 'பிளிஸ்' என்று எழுதினால் பாதிப் பேர் 'பிளீஸ்' என்று படிப்பார்கள். Be You என்று ஒரு பெயர், பார்லருக்கு அழகான பெயர்தான். அதைத் தமிழில் எழுதிப் பாருங்கள்: 'பீ யூ'. இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. Bee, Beauty Bee, Queen Bee எல்லாவற்றுக்கும் இதே கதி.

அடுத்து தமிழிலிருந்து ஆங்கில எழுத்துக்கு. இதை யாருமே செய்து பார்ப்பதில்லை. தம்பியின் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது 'கிராப்பு'. தாத்தா காலத்துச் சொல், பேரனுக்கு ஏதோ புதுச்சொல் மாதிரிக் கேட்கும், இரு தலைமுறைக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் Crappu என்று எழுதியதும் கல்லூரிப் பையன் சிரித்துவிட்டான். Krappu என்று மாற்றினாலும் சிரிப்பு நிற்கவில்லை. விட்டுவிட்டோம்.

'சீப்பு' இன்னொரு வகை. எழுத்தில் ஒரு குறையும் இல்லை, மூன்றே எழுத்து, குழந்தைக்கும் தெரியும். ஆனால் "சீப்பு சலூன்" என்று சொல்லிப் பாருங்கள், மலிவுக் கடை என்று காதில் விழும். 'கண்ணாடி' என்று வைத்தால் மூக்குக் கண்ணாடிக் கடை என்று ஆட்டோக்காரர் இறக்கிவிடுவார்.

மிஞ்சியது 'வகிடு'. அம்மா தலைசீவும்போது எல்லோர் காதிலும் விழுந்த சொல், ஆணுக்கும் உண்டு பெண்ணுக்கும் உண்டு. ஆங்கிலத்தில் Vagidu, ஆறு எழுத்து. குறை இல்லாமல் இல்லை: பேச்சில் சிலர் 'வகுடு' என்பார்கள், எழுதும்போது Vakidu என்றும் தட்டுவார்கள். உச்சரிப்பு கொஞ்சம் மாறினாலும் அதே கடை என்று புரிவதால் இது தாங்கக்கூடிய குறை. எந்தக் குறையும் இல்லாத பெயருக்குக் காத்திருந்தால் வாடகைதான் ஏறும். சிரிப்பையோ தப்பான கடையையோ கொண்டுவரும் குறையை மட்டும் ஏற்காதீர்கள்.

## 6. நியூமராலஜி பார்க்கும் வீடாக இருந்தால்

நம்பிக்கையைப் பற்றி நான் பேசவில்லை, நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். பார்ப்பதென்றால் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். போர்டு தொங்கிய பிறகு மாமனார் வந்து "ஒரு a சேர்க்கணும்" என்றால் எல்லா இடத்திலும் செலவு.

பார்க்கிறவரிடம் ஒரு கோரிக்கை வையுங்கள்: தமிழ் எழுத்தைத் தொடாமல் ஆங்கில எழுத்தில் மட்டும் மாற்றம் சொல்லச் சொல்லுங்கள். இரட்டை எழுத்துகள் கூடக் கூட, தேடுகிறவர்களுக்குக் கடை கிடைக்காமல் போகும். யாரும் போனில் இரண்டு a, மூன்று h போட்டுத் தேடுவதில்லை.

## 7. வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று தேடுங்கள்

இரண்டு மூன்று பெயர்கள் மிஞ்சியதும் தேடல். மூன்று இடங்களில் தேட வேண்டும்.

முதலில் கூகுள் மேப். உங்கள் ஊர், பக்கத்து ஊர்கள், மாவட்டத் தலைநகர். பதிவு செய்யாத சின்னக் கடையாக இருந்தாலும், உங்களுக்கு முன்னாலிருந்தே அந்தப் பெயரில் நடத்துகிறவருக்குச் சட்டத்தில் உரிமை உண்டு. அதைவிட முக்கியம், அவர் கடைக்குப் போட வேண்டிய ஒற்றை நட்சத்திரத்தை உங்கள் கடைக்குப் போட்டுவிட்டுப் போவார்கள்.

அடுத்து வணிகச்சின்னம். ipindia.gov.in தளத்தில் பொதுத் தேடல் இருக்கிறது, கட்டணம் இல்லை. அழகுக்கலை, முடி திருத்தும் சேவைகள் வருவது 44-ஆம் வகுப்பில். எழுத்துப்படி ஒரு தடவை தேடுங்கள், பிறகு Phonetic என்ற முறையில் ஒலிப்படி ஒரு தடவை தேடுங்கள். எழுத்து வேறாக இருந்தாலும் ஒலி ஒன்றாக இருந்தால் சிக்கல்தான். ஷாம்பூ, கிரீம் என்று உங்கள் பெயரில் விற்கும் எண்ணம் இருந்தால் 3-ஆம் வகுப்பையும் பாருங்கள்.

நேச்சுரல்ஸ், கிரீன் ட்ரெண்ட்ஸ் மாதிரி தமிழ்நாடெங்கும் கிளைகள் உள்ள சலூன்களின் பெயரில் ஒரு சொல்லை எடுத்து ஒட்டவைக்காதீர்கள். 'நேச்சுரல் லுக்ஸ்' என்று ஒருவர் கேட்டார். ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தாலே போர்டு, கார்டு, கண்ணாடி ஸ்டிக்கர் எல்லாம் கழற்ற வேண்டிவரும்.

பதிவு இப்போதே வேண்டுமா? ஒரே கடையாக இருக்கும்வரை கட்டாயம் இல்லை. இரண்டாவது கிளை எண்ணம் இருந்தால் செய்துவிடுங்கள். தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய், பதிவு 10 வருஷத்துக்குச் செல்லும். 'பெஸ்ட் ஹேர்கட்' மாதிரி தொழிலை மட்டும் வர்ணிக்கும் பெயரைப் பதிவு செய்ய விடமாட்டார்கள். விண்ணப்பித்ததும் பெயர் பக்கத்தில் TM போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் R போடுவது பதிவு கிடைத்த பிறகுதான். அதற்கு முன் போட்டால் குற்றம்.

மூன்றாவது இன்ஸ்டாகிராம். பயனர் பெயரில் எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு மட்டும் வரும், அதிகபட்சம் 30. வெறும் பெயர் கிடைக்காவிட்டால் பெயரை மாற்ற வேண்டாம், ஊர்ப் பெயரைக் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறைய அடிக்கோடு போட்டால் போனில் சொல்லிப் புரியவைக்க முடியாது.

## 8. போர்டில் நிற்கிறதா என்று கணக்குப் போடுங்கள்

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள் 1948-இன் 15-ஆம் விதிப்படி கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் இருக்க வேண்டும். வேறு மொழியும் இருந்தால் தமிழே முதன்மையாக, கூடுதல் இடத்தில் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்று 5:3:2 என்ற விகிதம் சொல்வார்கள். ஆங்கிலத்தைப் பெரிதாக்கி மூலையில் குட்டித் தமிழ் வைக்கும் வடிவமைப்பு அழகாக இருக்கலாம், ஆய்வுக்கு வருகிறவர் கேட்டால் மாற்ற வேண்டியதுதான். ஆகையால் தமிழில் நன்றாக நிற்காத பெயர் போர்டில் நிற்காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அளவு. பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது போர்டு வேலையில் பழைய கணக்கு. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி மூன்று விநாடியில் சுமார் எண்பது அடி போய்விடும். அதற்குள் படித்து, பிரேக் பிடிக்க வேண்டும். அப்படியானால் எழுத்து குறைந்தது எட்டு அங்குலம். தமிழ் எழுத்தில் சுழி, கொம்பு, கொக்கி உண்டு, வெயிலில் அவை ஒன்றோடொன்று ஒட்டித் தெரியும். நான் பத்து அங்குலத்துக்குக் குறைய விடுவதில்லை. கண்பார்வை மங்கிய பெரியவருக்கும் அதுதான் உதவும்.

தம்பியின் கடை முகப்பு பத்து அடி அகலம், போர்டு மூன்றடி உயரம். இரு ஓரமும் விட்டால் 108 அங்குலம் கிடைக்கும். 'தி ராயல் ஜென்டில்மேன்ஸ் க்ரூமிங் லவுஞ்ச்' என்பதை ஒரே வரியில் போட்டால், ஒற்றைக்கொம்பு, இடைவெளி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய இருபத்தைந்து எழுத்து இடம். ஓர் எழுத்துக்கு நாலு அங்குலம்தான் கிடைக்கும், நாற்பது அடிக்கு அப்பால் கோடு மாதிரித் தெரியும். 'வகிடு' மூன்றே எழுத்து. தமிழ் பன்னிரண்டு அங்குலம், அதன் கீழே ஆங்கிலம் ஏழு அங்குலம், தொழில் வரி ஐந்து அங்குலம் வைத்தும் மூச்சுவிட இடம் மிஞ்சியது.

நவீனத் தோற்றம் வேண்டுமா, அதை இங்கே காட்டுங்கள். ஒரே பின்னணி நிறம், இரண்டு எழுத்து நிறத்துக்கு மேல் இல்லை, தடிமன் சீரான எழுத்துரு. இணையத்திலிருந்து எடுத்த வெளிநாட்டு மாடல் படம் வேண்டவே வேண்டாம். அந்தப் படத்தில் இருக்கும் வயதுக்காரர்களுக்குத்தான் கடை என்று மற்றவர்கள் முடிவு கட்டுவார்கள். இரவில் ஒளிரும் தனித்தனி எல்.ஈ.டி. எழுத்து வைப்பதானால், ஓர் எழுத்து அணைந்தால் மிச்சம் எப்படிப் படிக்கப்படும் என்றும் பார்த்துவிடுங்கள்.

ஆர்டர் கொடுக்குமுன் போர்டின் அசல் அளவில் பெயரை மட்டும் தாளில் அச்சிட்டு ஷட்டரில் ஒட்டி, எதிர்ச் சாலையிலிருந்து பாருங்கள். காலை வெயிலில் ஒருமுறை, விளக்கு போட்டபின் ஒருமுறை.

## 9. எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டல்

பெயர் முடிவானதும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சு எழுத்தில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு, நகராட்சி அல்லது மாநகராட்சி வணிக உரிமம், வங்கிக் கணக்கு, க்யூஆர் அட்டை, கூகுள் மேப், எல்லாவற்றுக்கும் அந்தத் தாளிலிருந்தே எடுத்து எழுதுங்கள்.

வரிசையும் இதே. உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை, அதையும் உள்ளாட்சி உரிமத்தையும் முதலில் வாங்கினால், கடைப் பெயரில் நடப்புக் கணக்கு திறக்க வங்கி கேட்கும் சான்று கையில் இருக்கும். கணக்கு கடைப் பெயரில் இருந்தால்தான் க்யூஆர் ஸ்கேன் செய்கிறவர் திரையில் கடைப் பெயர் வரும். போர்டில் ஒரு பெயர், திரையில் வேறொரு பெயர் என்றால், பெரியவர்கள் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டு "இது யாரு?" என்று கேட்பார்கள். கேட்பதும் சரிதான்.

கூகுள் மேப்பில் பெயர் இருக்கும் இடத்தில் பெயரை மட்டும் போடுங்கள். 'வகிடு பெஸ்ட் சலூன் கும்பகோணம் லோ பிரைஸ்' என்று தேடுசொல் சேர்ப்பது கூகுள் விதிக்கு எதிரானது, பக்கத்தை முடக்கவும் செய்வார்கள். சலூனா பார்லரா என்பதைச் சொல்ல 'வகை' என்று தனி இடம் இருக்கிறது.

## 10. பழைய கடைக்குப் புதுப்பெயர் என்றால்

புதிதாகத் திறப்பவர்கள் இதைத் தாண்டிவிடலாம். அப்பா, மாமா நடத்திய கடையைப் பெயர் மாற்றுகிறவர்களுக்கு மட்டும்.

பெயரையும் உள் அலங்காரத்தையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்து மாறினால் கடை கைமாறிவிட்டது என்று பழைய ஆட்கள் நினைப்பார்கள். முதலில் உள்ளே வேலையை முடித்து, பழைய போர்டோடு சில வாரம் நடத்துங்கள். வருகிறவர்களிடம் புதுப்பெயரைச் சொல்லிக்கொண்டே இருங்கள். பிறகு போர்டு.

புதுப் போர்டு ஏறியபின் பழைய பெயரைக் கண்ணாடிக் கதவில், கண் உயரத்தில், சின்னதாக ஒட்டி வையுங்கள். ஒரு வருஷமாவது இருக்கட்டும். தம்பியின் கதவில் அப்பாவின் கடைப் பெயரும், அதன் கீழே 'அதே இடம், அதே ஆட்கள்' என்ற வரியும் இருக்கிறது. காலை ஷேவிங்குக்கு அப்பாவே வந்து நிற்கிறார், அதுதான் அந்த வரிக்கு ஜாமீன்.

கூகுள் மேப்பில் புதுப் பக்கம் திறக்காதீர்கள், பழைய பக்கத்திலேயே பெயரைத் திருத்துங்கள். சேர்ந்த விமர்சனங்கள் அப்படியே நிற்கும். திருத்தத்தை ஏற்குமுன் ஆதாரம் கேட்டால், புதுப் போர்டு தெரியும் முகப்புப் போட்டோவும் புதுப்பெயரில் உள்ள உரிமமும் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே போர்டும் உரிமமும் மாறிய பிறகே இதைச் செய்யுங்கள். ரேட் கார்டு, பில் புத்தகத்தில் பழைய பெயரில் அச்சடித்தது மிச்சமிருந்தால் தூக்கிப் போட வேண்டாம், புதுப்பெயர் முத்திரை ஒன்று செய்து மேலே குத்திக் கொடுத்துத் தீர்த்துவிடலாம்.